திருப்புதல் நினைவூட்டல் வேலை செய்யவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

படித்த பாடத்தை ஒரே வாரத்தில் நாலு தடவை புரட்டுவதைவிட, அதே நாலு தடவையைச் சில வாரங்களுக்குப் பரப்பிப் படித்தால் தேர்வு நாள்வரை நினைவில் நிற்கும். அதற்காகப் போனில் நினைவூட்டல் வைக்கிறோம். பலருக்கும் முதல் இரண்டு வாரம் ஒழுங்காகப் போகிறது, அப்புறம் எங்கோ இடறுகிறது. எங்கே இடறுகிறது என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும். போன் அடிக்காதது ஒரு வகைக் கோளாறு, அடித்தும் படிக்க முடியாமல் போவது இன்னொரு வகை, படித்தும் மறப்பது மூன்றாவது வகை. உங்களுக்கு நடப்பது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஆண்ட்ராய்டு போன், அதில் இருக்கும் கூகுள் காலண்டர், டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வு. எங்கள் குமரி மாவட்டத்தில் பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் படிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர் இந்தத் தேர்வுக்குத்தான் உட்கார்கிறார்கள். மொத்தம் 200 கேள்வி: தமிழில் 100, பொது அறிவில் 75, திறனறிவில் 25. நாள் இடைவெளி விட்டுத் திருப்புவது முதல் இரண்டு பகுதிகளுக்கும் உதவும். திறனறிவுக் கணக்குக்கு இது போதாது, அதைத் தினமும் போட்டுப் பழகத்தான் வேண்டும்.

அறிகுறி: நினைவூட்டல் அடிக்கவே இல்லை, அல்லது செயலியைத் திறந்த பிறகுதான் வருகிறது

அமைப்புக்குள் போய்க் கண்டதையும் மாற்றுவதற்கு முன்னால் மூன்று சோதனை செய்யுங்கள். முதலில், பத்து நிமிடம் கழித்து அடிக்கிற மாதிரி ஒரு நினைவூட்டல் வைத்து, திரையை அணைத்து மேஜையில் வையுங்கள். இரண்டாவது, இரவு தூங்கப் போகும்போது விடிகாலை ஐந்து மணிக்கு ஒன்று வைத்து, சார்ஜில் போடாமல் போனைத் தொடாமல் விட்டுவிடுங்கள். மூன்றாவது, ஒன்று வைத்துவிட்டுப் போனை அணைத்து மறுபடி போட்டு, திரைப்பூட்டை ஒருமுறை திறந்து, செயலியை மட்டும் திறக்காமல் காத்திருங்கள்.

பத்து நிமிடச் சோதனையே தோற்றால், அறிவிப்பு அனுமதி கொடுக்கப்படவில்லை என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம். ஆண்ட்ராய்டு 13-இலிருந்து ஒவ்வொரு செயலியும் அறிவிப்பு காட்ட நம்மிடம் அனுமதி கேட்கிறது. அவசரத்தில் வேண்டாம் என்று தொட்டிருப்போம். போனின் அமைப்பில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய் `Notifications` என்பதை இயக்குங்கள். அதற்குள்ளேயே தனித்தனி வகைகள் இருக்கும். மேலே இயங்கிக்கொண்டிருந்தாலும் உள்ளே டாஸ்க்குக்கு உரிய வகை மட்டும் அணைந்திருக்கலாம், அதையும் பாருங்கள்.

பத்து நிமிடச் சோதனை தேறி, விடிகாலைச் சோதனை தோற்றால் காரணம் பேட்டரிச் சேமிப்பு. அசையாமல் கிடக்கிற போன் ஆழ்ந்த ஓய்வுக்குப் போய், செயலிகளின் வேலையைத் தள்ளிவைக்கிறது. ஆண்ட்ராய்டு 6-இலிருந்தே இந்த ஏற்பாடு உண்டு. சில தயாரிப்பாளர்கள் அதற்கு மேல் தங்கள் பங்குக்கும் இறுக்கியிருப்பார்கள். அந்தச் செயலியின் பேட்டரிப் பகுதியில் `Unrestricted` என்று மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் உள்ள போன்களில் `Alarms & reminders` என்று தனியாக ஒரு அனுமதி உண்டு. சொன்ன நிமிடத்துக்குச் சரியாக அடிக்க அது வேண்டும். உங்கள் செயலி அந்தப் பட்டியலில் இருந்தால் அதையும் இயக்கிவிடுங்கள்.

மற்ற இரண்டும் தேறி, போனை அணைத்துப் போட்ட பிறகு மட்டும் அடிக்கவில்லை என்றால் விஷயம் வேறு. போன் அணையும்போது, குறித்து வைத்த அலாரங்கள் எல்லாம் அழிந்துபோகும். மறுபடி எழுந்ததும் ஒவ்வொரு செயலியும் தன்னுடையதைத் திரும்பப் பதிய வேண்டும். தானாகத் தொடங்க அனுமதி இல்லாத செயலியால் அதைச் செய்ய முடியாது. பல போன்களில் `Autostart` அல்லது `Auto launch` என்ற பெயரில் இந்த அனுமதி இருக்கும். நம்ம ஊரில் ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் ஒரு மழை. கரண்டு போய்ப் பேட்டரி தீர்ந்து, காலையில் போனைப் போட்டவர்களுக்கு அன்று முழுவதும் ஒன்றும் அடிக்காமல் போவது பெரும்பாலும் இதனால்தான். சோதனையில் பூட்டைத் திறக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. போன் எழுந்த பிறகு ஒரு முறையாவது பூட்டைத் திறக்கும்வரை பல செயலிகள் ஓடுவதே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் எனக்கு அதிக நம்பிக்கை தருகிற ஏற்பாடு இன்னும் எளிமையானது. சத்தத்தைப் போனின் கடிகாரச் செயலியிடம் கொடுத்துவிடுங்கள், தேதியைக் காலண்டரிடம் கொடுங்கள். படிக்க உட்காரும் நேரத்துக்குத் தினமும் ஒரே ஒரு அலாரம், அவ்வளவுதான். கடிகார அலாரத்தைப் பேட்டரிச் சேமிப்பு தள்ளிவைக்காது. கடையில் போனைச் சைலண்டில் போட்டுவிட்டு எடுக்க மறந்தாலும் பெரும்பாலான போன்களில் அது ஒலிக்கும். அலாரம் அடித்ததும் காலண்டரைத் திறந்து அன்றைக்கு உள்ளதைப் பாருங்கள். காலண்டரின் அறிவிப்பு வந்தால் நல்லது, வராவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

அறிகுறி: நினைவூட்டல்களே காணாமல் போய்விட்டன

போன் மாற்றினீர்களா என்று முதலில் பாருங்கள். வீட்டில் ஒரே போனில் அப்பாவின் கணக்கும் உங்கள் கணக்கும் இருந்தால், எந்தக் கணக்கில் வைத்தீர்களோ அதில்தான் அவை இருக்கும். காலண்டரின் இடப்பக்கப் பட்டியலில் கணக்குகளும், அதன் கீழே `Tasks` என்ற கட்டமும் இருக்கும். அந்தக் கட்டத்தில் டிக் விழுந்திருக்க வேண்டும்.

அறிகுறி: அறிவிப்பு வந்தது, தள்ளிவிட்டேன், அப்புறம் அது எங்கே போனதென்று தெரியவில்லை

இதற்குக் காரணம் நீங்கள் `Event` ஆகப் பதிந்தது. நிகழ்ச்சி என்பது கல்யாணம் மாதிரி, நேரம் கடந்தால் முடிந்தது. நீங்கள் போனீர்களா இல்லையா என்று காலண்டர் கேட்காது. திருப்புதலை `Task` ஆகப் பதியுங்கள். அது நீங்கள் முடித்ததாகக் குறிக்கும்வரை நிலுவையில் நிற்கும், மறுநாள் திறந்தாலும் கண்ணில் படும். பழைய நாளில் புதைந்துபோகாது.

தள்ளிவிடுவதற்கு இன்னொரு காரணம் நேரம். சாயங்காலம் ஆறு மணிக்கு வைத்தால் அந்த நேரம் கடையில் ஆள் நிற்கும், அல்லது வடசேரியில் பஸ்ஸுக்கு நிற்பீர்கள். அந்த நிலையில் வருகிற அறிவிப்பை யாரும் தள்ளித்தான் விடுவார்கள். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, புத்தகம் கைக்கு எட்டுகிற நேரம் எதுவோ அதை வையுங்கள். எட்டு மணிக்கு வீடு சேர்கிறவர் எட்டேகாலுக்கு வைக்க வேண்டாம், எட்டரைக்கு வைக்கட்டும்.

அறிகுறி: ஒரே பாடம் வாராவாரம் வந்துகொண்டே இருக்கிறது, சலிப்பாக இருக்கிறது

வாரம் ஒரு முறை என்று `Repeat` போட்டிருக்கிறீர்கள். பதிவதற்கு வசதி என்பதால் எல்லோரும் முதலில் இதைத்தான் செய்வார்கள். ஆனால் இடைவெளி வளர வேண்டும். முதல் தடவை இரண்டு நாளில், அடுத்தது ஒரு வாரத்தில், அதற்கடுத்தது மூன்று வாரத்தில் என்று போக வேண்டும். வாரம் ஒரு முறை என்றால் முதல் இடைவெளி புதிய பாடத்துக்கு நீளம், ஐந்தாவது இடைவெளி தெரிந்த பாடத்துக்குக் குறுகல். `Does not repeat` என்றே விட்டுவிட்டு, ஒவ்வொரு தேதியையும் தனி டாஸ்க்காகப் பதியுங்கள். எந்தத் தேதிகள் என்பதுதான் அடுத்த பகுதி.

அறிகுறி: முதல் இரண்டு வாரம் சரி, அப்புறம் நினைவூட்டல் குவிந்துவிட்டது

இதுதான் அதிகம் பேரைக் கைவிட வைக்கிற கோளாறு. போனில் ஒரு தப்பும் இருக்காது, கணக்கில்தான் தப்பு இருக்கும்.

தக்கலைப் பக்கத்திலிருந்து மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிற தங்கச்சி ஒருத்தி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "அண்ணா, மொதல்ல நல்லாத்தான் போச்சு. அஞ்சாவது வாரம் ஒக்க குமிஞ்சு போச்சு, திறக்கவே பயமா இருக்கு" என்றாள். தினமும் ஒரு புதுப் பாடம் படித்து, ஒவ்வொன்றுக்கும் 1, 3, 7, 14, 30 நாள் கழித்து என்று ஐந்து நினைவூட்டல் வைத்திருந்தாள். அந்த எண்கள் பல இடங்களில் புழங்குகிறவைதான், தனியாகப் பார்த்தால் அவற்றில் குற்றம் இல்லை.

ஆனால் நாளுக்கு எத்தனை விழும் என்று கூட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் திருப்புதல் ஒன்று. நாலாம் நாளிலிருந்து இரண்டு. எட்டாம் நாளிலிருந்து மூன்று. பதினைந்தாம் நாளிலிருந்து நாலு. முப்பத்தொன்றாம் நாளிலிருந்து ஐந்து. ஒரு திருப்புதலுக்கு 15 நிமிடம், புதுப் பாடத்துக்கு 45 நிமிடம். அவளுக்கு இரவில் கிடைப்பது எட்டரை முதல் பத்துவரை ஒன்றரை மணி நேரம். எட்டாம் நாளிலேயே அந்த 90 நிமிடமும் நிரம்பிவிட்டது. மூன்றாவது வாரத்தில் நாளுக்கு 15 நிமிடம் கூடியது, அதைத் தூக்கத்திலிருந்து எடுத்துச் சமாளித்திருக்கிறாள். ஐந்தாவது வாரத்தில் அரை மணி நேரம் கூடிவிட்டது. ஒவ்வொரு நாளும் இரண்டு திருப்புதல் நிலுவை விழுந்தால் ஒரே வாரத்தில் பதினாலு சேர்ந்துவிடும்.

"உன் மேல தப்பு இல்ல மக்ளே, இது தொடங்கின அன்னைக்கே எழுதி வச்ச கணக்கு" என்றேன். உண்மையும் அதுதான். திட்டம் முழு ஓட்டத்துக்கு வந்த பிறகு ஒரு நாளுக்கு விழும் திருப்புதல் எத்தனை என்பதற்கு ஒரு சின்னப் பெருக்கல் போதும்: நாளுக்கு எத்தனை புதுப் பாடம், ஒரு பாடத்துக்கு எத்தனை திருப்புதல், இரண்டையும் பெருக்குங்கள். வருகிற எண்ணை உங்கள் நேரம் தாங்குமா என்று தொடங்குவதற்கு முன்பே பார்த்துவிடலாம். முதல் வாரம் லேசாக இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. மிக நீண்ட இடைவெளி எத்தனை நாளோ அத்தனை நாள் கழித்துத்தான் முழுப் பாரமும் தெரியும்.

அவளுக்கு அப்போது தேர்வுக்குப் பத்து வாரம் இருந்தது. பத்தாவது வாரத்தின் ஞாயிறு தேர்வு. ஏற்கெனவே மனதில் நின்ற பாடங்களை விட்டுவிட்டு, பிடிபடாதவையும் தொடாதவையுமாக வரலாறு, அரசமைப்பு இரண்டிலும் சேர்த்து 24 பாடங்களை மட்டும் எடுத்தோம். வாரத்தில் திங்கள், செவ்வாய், புதன், வியாழன் நாலு நாள் மட்டும் புதுப் பாடம். ஆக ஆறு வாரத்தில் 24 பாடமும் முடியும். ஒவ்வொன்றுக்கும் மூன்றே திருப்புதல்: படித்த நாளிலிருந்து எண்ணி 2, 9, 30 நாள் கழித்து. அதாவது இரண்டு நாள் இடைவெளி, அப்புறம் ஒரு வாரம், அப்புறம் மூன்று வாரம்.

இந்த மூன்று எண்களைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. மூன்றையும் ஏழால் வகுத்தால் மீதி 2 வரும். ஆகவே திங்களன்று படித்த பாடத்தின் மூன்று திருப்புதலும் புதனன்றே விழும். செவ்வாய்ப் பாடம் வியாழனில், புதன் பாடம் வெள்ளியில், வியாழன் பாடம் சனியில். ஞாயிற்றுக்கிழமை எதுவும் விழாது. எந்தக் கிழமையில் எது வரும் என்று காலண்டரைத் திறக்காமலே அவளால் சொல்ல முடியும். வெள்ளியில் தொடர்ந்து வேலை இருக்கிறவர், புதுப் பாடம் படிக்கும் கிழமைகளை நகர்த்தினால் திருப்புதலும் அதோடு சேர்ந்து நகர்ந்துவிடும்.

பாரத்தைப் பாருங்கள். முதல் வாரம் புதன் முதல் சனிவரை நாளுக்கு ஒரு திருப்புதல். இரண்டு முதல் நாலாவது வாரம்வரை இரண்டு. ஐந்து, ஆறாவது வாரங்களில்தான் மூன்று. அந்த இரண்டு வாரங்களில் மட்டும் புதனும் வியாழனும் ஒரு புதுப் பாடம், மூன்று திருப்புதல் சேர்ந்து சரியாக 90 நிமிடம் ஆகும். மற்ற நாட்களில் இடம் மிஞ்சும். ஏழாவது வாரம் புதுப் பாடம் இல்லை, திருப்புதல் இரண்டு. அதற்கப்புறம் நாளுக்கு ஒன்றுதான், மீதி நேரம் முழு மாதிரித் தேர்வுக்கு.

ஓர் இடத்தில் மட்டும் கையால் திருத்தினோம். ஆறாவது வாரப் பாடங்களின் 30-ஆம் நாள் திருப்புதல் தேர்வு வாரத்தில், கடைசிப் பாடத்தினுடையது தேர்வுக்கு முந்திய சனிக்கிழமையில் விழுந்தது. அந்த நாலையும் ஒரு வாரம் முன்னுக்கு இழுத்து, 23 நாள் கழித்து என்று வைத்தோம். ஒன்பதாவது வாரத்தில் நாளுக்கு இரண்டாகியது, அது பாரமே இல்லை. பத்தாவது வாரம் காலியாகக் கிடைத்தது.

மொத்தம் 72 நினைவூட்டல். எல்லாவற்றையும் ஒரே நாளில் உட்கார்ந்து பதிய வேண்டாம். பாடத்தைப் படித்து முடித்த இரவிலேயே அந்தப் பாடத்தின் மூன்றையும் பதியுங்கள், ஐந்து நிமிடம் ஆகாது. ஒரு நாள் காய்ச்சலில் படிக்க முடியாமல் போனாலும், பதிவு படித்த நாளிலிருந்தே தொடங்குவதால் பின்னால் உள்ளவை எதையும் திருத்த வேண்டியிருக்காது.

இடைவெளி இந்த அளவு நீளலாமா என்று பயப்படுகிறவர்களுக்கு: செபேடாவும் கூட்டாளிகளும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. தேர்வு எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கேற்பச் சிறந்த இடைவெளியும் நீள்கிறது. ஒரு வாரத்தில் சோதனை என்றால் ஒரு நாள் இடைவெளி நன்றாக வேலை செய்தது. பத்து வாரம் கழித்துச் சோதனை என்றபோது மூன்று வார இடைவெளி முந்தியது. அந்த ஆய்வில் திருப்பியது ஒரே தடவை. நாம் மூன்று தடவை திருப்புகிறோம், ஆகவே அதை அப்படியே எடுத்துப் பொருத்த முடியாது. ஆனாலும் மூன்று வாரம் விட்டுப் பார்ப்பது வீண் அல்ல என்பதற்கு அது போதும்.

அறிகுறி: கோயில் கொடை, கல்யாணம், காய்ச்சல் என்று சில நாள் விட்டுப்போயிற்று

விட்டுப்போனவற்றை அப்படியே வரிசையாக எல்லாம் தள்ளிப்போடத் தோன்றும். தள்ளினால் கிழமைக் கணக்கு குலைந்து மறுபடி குவியும். எது விட்டது என்று பாருங்கள். இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு நாள் தாமதித்தால் இடைவெளி இரட்டிப்பாகிவிடுகிறது. மூன்று வார இடைவெளியில் அதே இரண்டு நாள் தாமதம் ஒன்றுமே இல்லை.

ஆகவே நிலுவையில் முதல் திருப்புதல்களை முதலில் எடுங்கள், கிடைக்கிற முதல் இரவிலேயே. இரண்டாம் திருப்புதல்கள் அந்த ஞாயிறுக்குப் போகட்டும், ஞாயிறு காலியாக விட்டிருப்பது இதற்காகத்தான். மூன்றாம் திருப்புதலை அடுத்த வாரத்தில் லேசான நாள் ஒன்றில் வையுங்கள். மற்ற தேதிகளைத் தொடாதீர்கள். இதை உடனே பிரித்தறிய டாஸ்க்கின் தலைப்பிலேயே முன்னால் 1/3, 2/3, 3/3 என்று எழுதிவைத்தால் போதும்.

ஒரு வாரத்துக்கு மேல் முழுவதுமாக விட்டுப்போனால், அடுத்த வாரம் புதுப் பாடம் எடுக்காமல் திருப்புதல் மட்டும் செய்யுங்கள். புதுப் பாடமும் நிலுவையும் சேர்ந்து ஓடினால் இரண்டும் அரைகுறையாகிவிடும்.

அறிகுறி: எல்லாத் திருப்புதலும் முடித்தேன், மாதிரித் தேர்வில் மட்டும் வரவில்லை

நினைவூட்டலின் தலைப்பைப் பாருங்கள். "வரலாறு பாடம் 4 படி" என்று இருந்தால் அதுதான் கோளாறு. அதைப் பார்த்ததும் கை புத்தகத்தைத் திறக்கும், கண் வரிகளில் ஓடும், எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். திறக்கும் முன் தாமாக எவ்வளவு நினைவுக்கு வருகிறது என்பது சோதிக்கப்படாமலே போகும். ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சான்று. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். திரும்பப் படிப்பவருக்கு அன்றைக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பது அந்த ஐந்து நிமிட நினைவால்தான்.

அதனால் தலைப்பையே கேள்வியாக எழுதுங்கள். இப்படி:

```
1/3 வேலூர் 1806: மாதம்? காரணம் 3? சென்னை ஆளுநர்?
2/3 1956 நவம்பர் 1: குமரியின் 4 தாலுகா?
```

பூட்டிய திரையில் ஒரு வரியோ இரண்டு வரியோதான் தெரியும், அதனால் சுருக்கமாக இருக்கட்டும். அறிவிப்பைப் பார்த்த நொடியிலேயே மனம் தேடத் தொடங்கிவிடும். புத்தகத்தை மூடியே வைத்துக்கொண்டு ஒரு தாளில் விடையை எழுதுங்கள். ஜூலை மாதம், தோல் சின்னம் வைத்த புதுத் தலைப்பாகை, சமயக் குறிகளுக்கும் தாடிக்கும் தடை, கோட்டையில் இருந்த திப்பு குடும்பத்தாரின் மேல் சிப்பாய்களுக்கு இருந்த பற்று, வில்லியம் பெண்டிங். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு. எழுதி முடித்த பிறகுதான் புத்தகம். நம்ம மாவட்டக் கேள்விதானே, தெரியும் என்று தாண்டிப் போகாதீர்கள். பிறந்து வளர்ந்த ஊரின் தாலுகாவாக இருந்தாலும் நாலாவது பெயர் நாக்கில் நின்றுவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

கேள்வியை எழுத வேண்டியது பாடம் படித்த இரவில். ஒரு பாடத்துக்கு ஐந்தாறு கேள்வி தேறும். மூன்று நினைவூட்டலுக்கும் ஒரே கேள்வியை ஒட்டாமல், தலைப்பில் வேறு வேறு கேள்வியையும் உள்ளே `Details` பகுதியில் மற்றவற்றையும் போடுங்கள். இல்லாவிட்டால் விடை மட்டும் பதிந்து, பாடம் பதியாமல் போகும்.

எழுதியதைச் சரிபார்க்கும்போது பாதிக்குமேல் வந்ததா என்று மட்டும் பாருங்கள். வந்தால் டாஸ்க்கை முடித்ததாகக் குறித்துவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். பாதிகூட வரவில்லை என்றால் அப்போதே பாடத்தை ஒருமுறை படித்து, இரண்டு நாள் கழித்து ஒரே ஒரு கூடுதல் நினைவூட்டல் வையுங்கள். ஏற்கெனவே இருக்கும் தேதிகளைக் கலைக்க வேண்டாம். இப்படிக் கூடுதல் வைத்த பாடங்கள் வாரத்துக்கு ஒன்றிரண்டு என்றால் இயல்பு. பாதிப் பாடங்களுக்கும் வைக்க வேண்டியிருந்தால் கோளாறு இடைவெளியில் இல்லை, முதல் வாசிப்பில் இருக்கிறது. புரியாமல் படித்ததை எத்தனை நாள் இடைவெளியும் காப்பாற்றாது. அந்தப் பாடங்களை யாரிடமாவது கேட்டுப் புரிந்துகொண்டு, மறுபடி முதல் நாளாகக் கணக்கு வையுங்கள்.

அறிகுறி: தேர்வுத் தேதி மாறிவிட்டது

தள்ளிப்போனால் முதலிலிருந்து எல்லாவற்றையும் தொடங்க வேண்டியதில்லை. 3/3 முடித்த பாடங்களுக்கு நாலாவதாக ஒரு திருப்புதல் மட்டும் சேருங்கள், மூன்றாவதிலிருந்து நாலு அல்லது ஐந்து வாரம் விட்டு, அதே கிழமையில். நாளுக்கு ஒன்று என்று பரவும். கிடைத்த கூடுதல் இரவுகளில் விட்டுவைத்த புதுப் பாடங்களை எடுக்கலாம். ஆனால் ஒரு பாடத்தின் இரண்டாம் திருப்புதலாவது தேர்வுக்கு முன் முடியும் என்றால் மட்டும் எடுங்கள். அதாவது தேர்வுக்குப் பத்து நாளுக்குள் புதிதாக ஒன்றும் தொடங்க வேண்டாம்.

முன்னுக்கு வந்தால் வெட்ட வேண்டியது புதுப் பாடத்தை, திருப்புதலை அல்ல. இன்னும் தொடாத பாடங்களில் கேள்வி குறைவாக வருகிறவற்றைப் பழைய வினாத்தாள்களைப் பார்த்து விட்டுவிடுங்கள். ஏற்கெனவே படித்தவற்றின் 30-ஆம் நாள் நினைவூட்டலைக் கிழமை மாறாமல் ஒரு வாரம் அல்லது இரண்டு வாரம் முன்னுக்கு இழுங்கள். காலண்டரில் அந்த டாஸ்க்கைத் தொட்டுத் தேதியை மட்டும் மாற்றினால் போதும், தலைப்பும் கேள்வியும் அப்படியே இருக்கும்.